ஒரே கூட்டல், மூன்று வேகம்: ரெஜிஸ்டர் முதல் டிஸ்க் வரை சராசரி அணுகல் நேரத்தைக் கணக்கிடும் வழி

4096 கிடைவரிசைகளும் 4096 நெடுவரிசைகளும் கொண்ட ஓர் அணி இருக்கிறது. ஒவ்வோர் உறுப்பும் 4 பைட் முழு எண். எல்லாவற்றையும் கூட்டி ஒரே விடை சொல்ல வேண்டும். கிடைவாக்கில் போனாலும் நெடுவாக்கில் போனாலும் 1,67,77,216 கூட்டல்கள்தான், விடையும் ஒன்றுதான். ஆனால் ஓட்டிப் பார்த்தால் ஒன்று சட்டென்று முடிகிறது, மற்றது பல மடங்கு நேரம் எடுக்கிறது.

இந்த வித்தியாசத்தைப் புரோகிராமை ஓட்டுவதற்கு முன்பே, பேனாவும் தாளும் வைத்துக் கணக்கிட முடியும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் செய்யப் போகிறோம். பாடப்புத்தகங்களில் நினைவக அடுக்கை ஒரு முக்கோணமாக வரைந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த முக்கோணத்தின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணைப் பொருத்திக் கடைசியில் ஒரு நேரத்தை எட்டும்போதுதான் விஷயம் கையில் வருகிறது.

## படி 1: உங்கள் கணினியில் என்னென்ன படிகள் இருக்கின்றன?

லினக்ஸில் இரண்டு கட்டளைகள் போதும்.

```
lscpu
getconf -a | grep CACHE
```

முதல் கட்டளை ஒவ்வொரு கேஷின் அளவையும் காட்டும். இரண்டாவது கூடுதலாக இரண்டு விவரங்களைத் தரும். ஒன்று, `LEVEL1_DCACHE_LINESIZE`: ஒரு தடவையில் எத்தனை பைட்டுகள் சேர்ந்து வருகின்றன என்பது. மற்றொன்று, `LEVEL1_DCACHE_ASSOC`: ஒரு செட்டில் எத்தனை இடங்கள் என்பது. இந்த இரண்டாவது எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. நம் கதையின் வில்லன் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறான்.

கணக்குக்காக நான் எடுத்துக்கொள்ளும் கணினி, இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பை ஒட்டியது. நேரங்களை மட்டும் கணக்கிட வசதியாக முழு எண்களாக்கி இருக்கிறேன். கடிகார வேகம் 3 கிகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு நானோநொடியில் 3 துடிப்புகள்.

| படி | அளவு | இந்தப் படியில் கூடுதலாக ஆகும் துடிப்பு |
|---|---|---|
| ரெஜிஸ்டர் | பொதுப் பயன்பாட்டுக்கு 16, தலா 8 பைட் | தனிக் காத்திருப்பு இல்லை |
| எல்1 கேஷ் | 32 கிலோபைட், செட்டுக்கு 8 இடம் | 4 |
| எல்2 கேஷ் | 256 கிலோபைட், செட்டுக்கு 4 இடம் | 10 |
| எல்3 கேஷ் | 8 மெகாபைட், செட்டுக்கு 16 இடம் | 30 |
| ரேம் | 8 கிகாபைட் | 200 |

அட்டவணையின் மூன்றாவது பத்தியை நிதானமாகப் படியுங்கள். எல்2-இல் ஒரு தரவு கிடைக்க மொத்தம் 14 துடிப்புகள் ஆகும்: எல்1-இல் தேடி ஏமாந்த 4, அதன்மேல் 10. ரேம் வரை போனால் 4 + 10 + 30 + 200 = 244. சில இடங்களில் மொத்த நேரத்தை எழுதுவார்கள், சில இடங்களில் இப்படிக் கூடுதல் நேரத்தை எழுதுவார்கள். இரண்டையும் கலந்துவிட்டால் விடை தப்பிவிடும்.

ரெஜிஸ்டர் மற்ற படிகளிலிருந்து ஒரு விதத்தில் மாறுபட்டது. கேஷில் எதை வைப்பது என்பதை வன்பொருள் முடிவு செய்கிறது. ரெஜிஸ்டரில் எதை வைப்பது என்பதை கம்பைலர் முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவிடுகிறது. நம் கூட்டுத்தொகையை வைத்திருக்கும் மாறி ரெஜிஸ்டரிலேயே தங்கிவிட்டால், ஒரு கூட்டலுக்கு நினைவகத்திலிருந்து ஒரே ஒரு வாசிப்புதான். அந்த ஒரு வாசிப்பின் சராசரி நேரத்தைத்தான் இனி கணக்கிடப் போகிறோம். டிஸ்க்கைக் கடைசியில் பார்க்கலாம், அது வேறு உலகம்.

## படி 2: சூத்திரம்

சராசரி அணுகல் நேரத்துக்கான விதி எளிமையானது.

```
சராசரி = ஹிட் நேரம் + மிஸ் விகிதம் × மிஸ் தண்டம்
```

எல்1-இல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அங்கே தேடும் நேரம் போகத்தான் போகிறது. அதுதான் முதல் உறுப்பு. கிடைக்காத சில தடவைகளில் மட்டும் கீழே இறங்கவேண்டிய தண்டம் சேர்கிறது. கீழே இறங்கினாலோ அங்கும் இதே கதைதான். ஆகவே எல்1-இன் தண்டம் என்பது எல்2-இன் சராசரி நேரம். எல்2-இன் தண்டம் எல்3-இன் சராசரி நேரம். எல்லாவற்றையும் விரித்தெழுதினால் இப்படி வரும்.

```
சராசரி = 4 + ம1 × (10 + ம2 × (30 + ம3 × 200))
```

இங்கே ம2 என்பது எல்2 வரை வந்த வாசிப்புகளில் எத்தனை பங்கு அங்கே ஏமாந்தது என்பது. மொத்த வாசிப்புகளில் எத்தனை பங்கு என்பது இல்லை. இந்த வேறுபாடு அடுத்த படியிலேயே தேவைப்படும்.

மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் வேகமான சிறு நினைவகம் ஒன்றை மெதுவான பெரிய நினைவகத்தின் முன்னால் வைக்கும் யோசனையை எழுதியபோது, அவருடைய குறிக்கோளும் இந்தச் சராசரிதான்: மொத்த அணுகல் நேரம் மெதுவானதைவிட வேகமானதற்குப் பக்கத்தில் வரவேண்டும். 1968-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 அந்த யோசனையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ம1 சிறியதாக இருக்கும் வரைதான் அந்த யோசனை பலிக்கும். அது சிறியதாக இருப்பது நாம் தரவை எந்த ஒழுங்கில் தொடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

தொட்டதைச் சீக்கிரமே மறுபடி தொடுவதைக் கால அண்மை எனலாம், தொட்டதற்குப் பக்கத்தில் உள்ளதைத் தொடுவதை இட அண்மை எனலாம். நம் கூட்டலில் எந்த உறுப்பையும் இரண்டாம் முறை தொடுவதில்லை. அதனால் உறுப்புகளைப் பொறுத்தவரை நமக்குக் கிடைக்கக்கூடியது இட அண்மை மட்டுமே.

## படி 3: கிடைவாக்கில் கூட்டினால்

சி மொழி ஓர் அணியைக் கிடைவரிசை கிடைவரிசையாகத்தான் நினைவகத்தில் அடுக்கும். `a[0][0]`-க்கு அடுத்து `a[0][1]`. கேஷ் எப்போதும் 64 பைட் கொண்ட ஒரு கேஷ் லைனை முழுசாகக் கொண்டுவருகிறது. ஒரு லைனில் 64 ÷ 4 = 16 உறுப்புகள்.

ஆக, முதல் உறுப்பைக் கேட்கும்போது ஏமாற்றம், பிறகு 15 உறுப்புகள் எல்1-இலேயே தயாராக இருக்கும். ம1 = 1/16. ஏமாந்த அந்த ஒரு தடவை? அணியின் மொத்த அளவு 64 மெகாபைட், எந்தக் கேஷிலும் அடங்காது. இந்த லைனை இதற்குமுன் யாரும் தொடவும் இல்லை. அதனால் எல்2-இலும் எல்3-இலும் அது இருக்க வாய்ப்பில்லை: ம2 = 1, ம3 = 1.

```
4 + (1/16) × (10 + 30 + 200) = 4 + 15 = 19 துடிப்பு
```

ரேமுக்கு 244, எல்1-க்கு 4. நம் சராசரி 19. 16-இல் ஒரு தடவைதான் ரேமுக்குப் போகிறோம், ஆனாலும் அந்த ஒரு தடவை சராசரியில் 15 துடிப்புகளைச் சேர்த்துவிடுகிறது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்2-இன் மிஸ் விகிதம் 100 சதவீதம்! தனியாகப் பார்த்தால் பயங்கரமான எண். ஆனால் இதுதான் நம் மூன்று வழிகளிலும் வேகமானது. எல்2-க்கு வருவதே 16-இல் ஒரு வாசிப்புதான் என்பதால் அந்த 100 சதவீதத்துக்குப் பெரிய எடை இல்லை. ஒரு படியின் மிஸ் விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கேஷ் சரியில்லை என்று முடிவுகட்டுவது, நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

## படி 4: நெடுவாக்கில் கூட்டினால்

இப்போது `a[0][0]`-க்கு அடுத்து `a[1][0]`. ஒரு கிடைவரிசையின் நீளம் 4096 × 4 = 16,384 பைட். ஒவ்வொரு வாசிப்பும் 16 கிலோபைட் தாண்டி விழுகிறது, ஆகவே ஒவ்வொன்றும் வேறு லைன். ஒரு நெடுவரிசையை முடிக்க 4096 லைன்கள் வருகின்றன.

நெடுவரிசை 0 முடிந்து நெடுவரிசை 1-க்கு வரும்போது, `a[0][1]` நமக்கு முன்பே வந்த லைனில்தான் இருக்கிறது. அந்த லைன் இன்னும் கேஷில் தங்கியிருந்தால் பிழைத்தோம். 4096 லைன்கள் என்றால் 256 கிலோபைட். எல்1-இல் அடங்காது, எல்2-இல் நூலிழை. ஆனால் எல்3 8 மெகாபைட் ஆயிற்றே, அதில் தாராளமாகத் தங்குமே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தங்காது. காரணம் செட்.

கேஷில் ஒரு லைன் நினைத்த இடத்தில் உட்கார முடியாது. அதன் முகவரியின் சில பிட்டுகள் அது எந்தச் செட்டில் உட்கார வேண்டும் என்று நிர்ணயிக்கின்றன. 4 கிலோபைட் பக்கம் ஒன்றில் 64 லைன்கள் இருக்கின்றன. பக்கத்துக்குள் ஒரு லைன் எத்தனையாவது என்பது, செட்டைத் தேர்ந்தெடுக்கும் பிட்டுகளில் ஒரு பகுதியாக மூன்று கேஷ்களிலும் இருக்கிறது. நம் தாவல் 16,384 பைட், அதாவது துல்லியமாக 4 பக்கங்கள். ஆகவே ஒரு நெடுவரிசையின் 4096 லைன்களும் தத்தம் பக்கத்தில் அதே இடத்தில் இருக்கின்றன. எல்லாம் ஒரே வாசல் வழியாக முண்டியடிக்கின்றன. மற்ற 63 வாசல்களும் காலியாகக் கிடக்கின்றன.

அப்படியானால் ஒவ்வொரு கேஷிலும் 64-இல் ஒரு பங்குதான் நமக்குப் பயன்படும். எல்1-இல் மொத்தம் 512 லைன்கள், நமக்கு 8. எல்2-இல் 4096 லைன்கள், நமக்கு 64. எல்3-இல் 1,31,072 லைன்கள், நமக்கு 2048. தேவையோ 4096. நெடுவரிசையின் பாதியைத் தாண்டும்போதே முதலில் வந்தவை எல்3-இலிருந்து வெளியேறத் தொடங்கிவிடும். திரும்பி வரும்போது நமக்கு வேண்டியது போய்விட்டிருக்கும். ம1, ம2, ம3 மூன்றும் 1.

```
4 + 1 × (10 + 1 × (30 + 1 × 200)) = 244 துடிப்பு
```

கேஷே இல்லாத கணினியைவிட மோசம். மூன்று இடத்தில் தேடி ஏமாந்துவிட்டு ரேமுக்குப் போகிறோம். எல்3 எதை வெளியேற்றுவது என்று முடிவு செய்யும் முறை சிப்புக்குச் சிப் மாறும், அதனால் சில லைன்கள் தப்பிப் பிழைக்கலாம். 244 என்பது மேல் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## படி 5: கிடைவரிசைக்கு 64 பைட் கூடுதல் இடம்

பிரச்சினை நெடுவாக்கில் போவது மட்டும் இல்லை என்பது இப்போது தெரிகிறது. 4096 என்ற அழகான எண்ணும் சேர்ந்துதான் கெடுக்கிறது. அதனால் ஒவ்வொரு கிடைவரிசையின் கடைசியிலும் 16 உறுப்புகளுக்குச் சும்மா இடம் விடுவோம். தாவல் 16,448 பைட் ஆகிறது, அதாவது 257 லைன்கள். முன்பு 256.

அந்த ஒரு லைன் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. இப்போது ஒவ்வொரு கிடைவரிசையும் முந்தையதைவிட ஒரு வாசல் தள்ளி உட்காருகிறது. 64 வாசல்களும் சமமாக நிறைகின்றன. எல்1-க்கு 4096 லைன்கள் இன்னும் அதிகம்தான், எல்2-இலும் நிம்மதியாகத் தங்காது. எல்3-இல் தாராளமாகத் தங்கும். ஒரு லைன் முதல் தடவை மட்டும் ரேமிலிருந்து வருகிறது, அடுத்த 15 நெடுவரிசைகளுக்கும் எல்3-இலிருந்தே கிடைக்கிறது: ம3 = 1/16.

```
4 + 1 × (10 + 1 × (30 + (1/16) × 200)) = 44 + 12.5 = 56.5 துடிப்பு
```

கூட்டும் ஒழுங்கை மாற்றவே இல்லை. நினைவகத்தில் கால் மெகாபைட்தான் கூடுதலாகச் செலவாயிற்று. சராசரி 244-இலிருந்து 56.5-க்கு இறங்கிவிட்டது. 1.67 கோடி வாசிப்புகளால் பெருக்கி 3 கிகாஹெர்ட்ஸால் வகுத்தால் மூன்று வழிகளுக்கும் முறையே சுமார் 0.11 நொடி, 0.32 நொடி, 1.36 நொடி வருகிறது: கிடைவாக்கு, இடம்விட்ட நெடுவாக்கு, வெறும் நெடுவாக்கு.

ஒழுங்கை மாற்ற முடியுமானால் மாற்றிவிடுவதே நல்லது, 19-க்கு ஈடு இல்லை. ஆனால் எப்போதும் முடியாது. அணியைத் திருப்பிப்போடும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: `b[j][i] = a[i][j]`. ஒன்றைக் கிடைவாக்கில் வாசித்தால் மற்றதை நெடுவாக்கில் எழுதியே ஆகவேண்டும். அங்கே அணியை 16 × 16 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக முடிப்பார்கள்.

```c
for (int ii = 0; ii < N; ii += 16)
  for (int jj = 0; jj < N; jj += 16)
    for (int i = ii; i < ii + 16; i++)
      for (int j = jj; j < jj + 16; j++)
        b[j][i] = a[i][j];
```

ஒரு கட்டத்துக்குள் `b`-இன் அதே 16 லைன்களைத்தான் திரும்பத் திரும்பத் தொடுகிறோம். கொண்டுவந்த லைனை முழுசாகப் பயன்படுத்திவிட்டே விடுகிறோம். ஆனால் 4096 நீளத்தை அப்படியே விட்டால், அந்த 16 லைன்களும் எல்1-இன் ஒரே செட்டில், 8 இடங்களுக்காக அடித்துக்கொள்ளும். கட்டம் பிரித்தும் பலனில்லையே என்று பலர் கைவிடுவது இங்கேதான். கட்டத்தோடு கூடுதல் இடமும் விட்டால் 16 லைன்களும் 16 செட்டுகளில் போய் உட்காரும்.

## படி 6: அளந்து பாருங்கள்

```c
#include <stdio.h>
#define N 4096
#ifndef P
#define P 0
#endif
static int a[N][N + P];

int main(int argc, char **argv) {
    long s = 0;
    for (int i = 0; i < N; i++)
        for (int j = 0; j < N; j++) a[i][j] = i ^ j;
    for (int r = 0; r < 10; r++)
        if (argc > 1)
            for (int j = 0; j < N; j++)
                for (int i = 0; i < N; i++) s += a[i][j];
        else
            for (int i = 0; i < N; i++)
                for (int j = 0; j < N; j++) s += a[i][j];
    printf("%ld\n", s);
}
```

```
gcc -O1 -o kootu kootu.c
gcc -O1 -DP=16 -o kootu16 kootu.c
perf stat -e L1-dcache-loads,L1-dcache-load-misses ./kootu
perf stat -e L1-dcache-loads,L1-dcache-load-misses ./kootu x
perf stat -e L1-dcache-loads,L1-dcache-load-misses ./kootu16 x
```

`x` என்று எதையாவது கொடுத்தால் நெடுவாக்கில் கூட்டும். கிடைவாக்கில் மிஸ் விகிதம் 6.25 சதவீதத்தை ஒட்டி வரவேண்டும், அதுதான் 1/16. நெடுவாக்கில் 100-ஐ நெருங்கும். இடம் விட்டதிலும் எல்1 மிஸ் குறையாது. நேரத்தில்தான் வித்தியாசம் தெரியும், ஏனென்றால் மாற்றம் நடந்தது எல்3-இல்.

மெய்நிகர் கணினிகளில் `perf` பல நேரம் `<not supported>` என்று கைவிரித்துவிடும். அப்போது `valgrind --tool=cachegrind --cache-sim=yes ./kootu` ஓட்டலாம். அது கேஷைப் போலச்செய்து எண்ணுகிறது, நேரத்தைச் சொல்லாது.

அளப்பதில் மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலாவது, `-O3` போட்டால் ஜிசிசியின் புதிய பதிப்புகள் இரண்டு சுற்றுகளின் ஒழுங்கையும் தாமாகவே மாற்றிவிடக்கூடும். நெடுவாக்கு என்று நினைத்து கிடைவாக்கை அளந்துகொண்டிருப்போம். அதனால்தான் `-O1`.

இரண்டாவது, `-O0` போட்டாலும் ஏமாற்றம். அங்கே கூட்டுத்தொகையும் சுற்று எண்களும் ரெஜிஸ்டரில் தங்காமல் ஸ்டாக்கில் போய் உட்காரும். ஒரு கூட்டலுக்கு ஐந்தாறு வாசிப்புகள் நடக்கும், அணி வாசிப்பைத் தவிர மற்றதெல்லாம் எல்1 ஹிட். கிடைவாக்கில் மிஸ் விகிதம் 1 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும், புரோகிராம் மெதுவாகியிருக்கும். விகிதத்தை மட்டும் நம்பினால் மெதுவானதை மேம்பாடு என்று எடுத்துக்கொள்வோம். மிஸ்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், அது மாறியிருக்காது.

மூன்றாவதுதான் என்னை நெடுநேரம் குழப்பியது. அணியில் எதையும் எழுதாமல் நேராகக் கூட்டத் தொடங்கினேன், எல்லாம் பூஜ்யம்தானே என்று. மிஸ் கிட்டத்தட்ட இல்லை என்றே வந்தது. லினக்ஸ், எழுதப்படாத பக்கங்களை வாசிக்கக் கேட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே பூஜ்யப் பக்கத்தைக் காட்டிவிடுகிறது. 64 மெகாபைட் என்று நான் நினைத்தது உண்மையில் எல்1-க்குள் அடங்கும் 4 கிலோபைட். மேலே உள்ள புரோகிராமில் `i ^ j` எழுதும் முதல் சுற்று அதற்காகத்தான்.

## படி 7: கணக்கும் கடிகாரமும் ஒத்துப்போகாத இடம்

நம் புரோகிராம் பத்து தடவை கூட்டுகிறது, அதனால் அளந்த நேரத்தை 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அப்படி வகுத்தாலும் அது மேலே சொன்ன 0.11, 0.32, 1.36 நொடிகளோடு அப்படியே பொருந்தாது. பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். காரணங்கள் இரண்டு.

கிடைவாக்கில் போகும்போது வன்பொருள் நம் போக்கைக் கவனித்து அடுத்த லைனை முன்கூட்டியே வரவழைத்துவிடுகிறது. நாம் கேட்கும்போது அது வந்துவிட்டிருக்கும் அல்லது பாதி வழியில் இருக்கும். 19 என்பது அதனால் 4-ஐ நோக்கி இறங்குகிறது. நெடுவாக்கில் இந்த உதவி கிடைப்பதில்லை. ஸ்கைலேக் போன்ற சிப்களில் இந்த முன்வரவழைப்பு 4 கிலோபைட் பக்க எல்லையைத் தாண்டாது, நம் ஒவ்வொரு தாவலும் நான்கு பக்கம்.

இன்னொன்று, ஒரு வாசிப்புக்காகக் காத்திருக்கும்போதே செயலி அடுத்தடுத்த வாசிப்புகளையும் அனுப்பிவிடுகிறது. `a[1][0]` வரும் வரை `a[2][0]` காத்திருக்க வேண்டியதில்லை, அதன் முகவரி முன்பே தெரியும். பல மிஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நடக்கின்றன. ஆகவே நெடுவாக்கு 244 × 1.67 கோடி துடிப்புகளை எடுக்காது.

ஒரு லிங்க்டு லிஸ்ட்டில் இந்தச் சலுகை கிடையாது. அடுத்த கணுவின் முகவரி இந்தக் கணுவுக்குள் இருக்கிறது. இது வந்தால்தான் அதைக் கேட்க முடியும். கணுக்கள் நினைவகத்தில் சிதறிக் கிடந்தால் 244-ஐயும் ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கட்டித்தான் ஆகவேண்டும். சூத்திரம் சொல்லும் எண்ணை உடம்பில் உணர வேண்டுமானால் அங்கேதான் உணரலாம்.

எதிர்த்திசையில் இழுக்கும் ஒன்றும் உண்டு. மெய்நிகர் முகவரியை உண்மை முகவரியாக மாற்றிய விவரங்களை டிஎல்பி என்ற தனிச் சிறு கேஷ் வைத்திருக்கிறது. ஸ்கைலேக்கில் அதன் இரண்டாம் படியில் 1536 பக்கங்களுக்குத்தான் இடம். நெடுவரிசை ஒன்று 4096 பக்கங்களைத் தொடுகிறது, ஆகவே அங்கேயும் தொடர்ந்து மிஸ். இடம் விட்ட வழியிலும் இது தீராது. கிடைவாக்கில் 1024 வாசிப்புகளுக்கு ஒரு புதுப் பக்கம்தான்.

## படி 8: டிஸ்க்

சூத்திரம் இங்கேயும் அதேதான். எண்கள்தான் வேறு. ரேமை 70 நானோநொடி என்று வைப்போம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க 4.17. வாசிக்கும் தலை உரிய தடத்துக்கு நகர சுமார் 9 மில்லிநொடி. மொத்தம் 13 மில்லிநொடி என்று கொள்ளலாம். நம் செயலிக்கு அது 3.9 கோடி துடிப்பு. எஸ்எஸ்டி என்றால் சுமார் 100 மைக்ரோநொடி.

16 கிகாபைட் தரவு, 8 கிகாபைட் ரேம். தரவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடுகிறோம். பாதி ரேமில் இருக்கிறது, ஆகவே வேகம் பாதியாகக் குறையும் என்று மனம் சொல்லும். கணக்கு சொல்வது வேறு.

```
70 நானோநொடி + (1/2) × 1,30,00,000 நானோநொடி ≈ 65,00,000 நானோநொடி
```

ஏறக்குறைய 93,000 மடங்கு. எஸ்எஸ்டியில் 50 மைக்ரோநொடியைத் தொடும், அதுவும் 700 மடங்குக்கு மேல்.

கேள்வியைத் திருப்பிப் போடுவோம். 10 சதவீதத்துக்கு மேல் மெதுவாகக் கூடாது என்றால் எத்தனை வாசிப்புக்கு ஒரு தடவை டிஸ்க்குக்குப் போகலாம்? 70-இல் 10 சதவீதம் 7 நானோநொடி. ஹார்டு டிஸ்க்கில் 1,30,00,000 ÷ 7, அதாவது சுமார் 18.5 லட்சம் வாசிப்புகளுக்கு ஒரு தடவைதான். எஸ்எஸ்டியில் சுமார் 14,300-க்கு ஒரு தடவை. எல்1-இல் 16-க்கு ஒரு மிஸ்ஸைச் சமாளித்தோம். இங்கே தேவைப்படும் அண்மை முற்றிலும் வேறு அளவிலானது.

அந்த அளவு அண்மை எப்போது கிடைக்கும்? ஒரு புரோகிராம் ஒரு காலப்பகுதியில் தொடும் பக்கங்களின் தொகுதி ரேமில் அடங்கினால் கிடைக்கும். பீட்டர் டென்னிங் 1968-இல் அதற்கு வொர்க்கிங் செட் என்று பெயர் வைத்தார். மொத்தத் தரவு 16 கிகாபைட்டாக இருக்கலாம், ஒரு நிமிடத்தில் தொடுவது 6 கிகாபைட் என்றால் கவலையில்லை. அது ரேமின் அளவைத் தாண்டிய உடனே வேகம் படிப்படியாகக் குறையாது, செங்குத்தாக விழும். மேலே பார்த்த நெடுவரிசையின் 4096 லைன்கள் எல்3-இன் 2048 இடங்களைத் தாண்டியபோது நடந்ததும் இதேதான்.

இதை அடையாளம் காண்பது எளிது. புரோகிராமை `/usr/bin/time -v` கொண்டு ஓட்டினால் `Major (requiring I/O) page faults` என்ற வரியில் எத்தனை தடவை டிஸ்க்குக்குப் போனது என்று வரும். அதை 13 மில்லிநொடியால் அல்லது 100 மைக்ரோநொடியால் பெருக்கிப் பாருங்கள், மொத்த நேரத்தில் பெரும்பகுதியாக வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க `vmstat 1` போதும். `si`, `so` பத்திகள் தொடர்ந்து பூஜ்யத்தைத் தாண்டி நின்று, `wa` ஏறி, `us` இறங்கினால் ஸ்வாப் நடக்கிறது. கோப்பை `mmap` மூலம் வாசிக்கும் புரோகிராம் என்றால் `si`, `so` அசையாது. அப்போது `bi` பத்தியைப் பாருங்கள்.